அப்பாவுக்கு அனுப்பிய காது

என் அப்பாவின் காதை நான் தபாலில் வாங்கியிருக்கிறேன். சிங்கப்பூரில் எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே இருந்த தபால் ஆபீசில், கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு பிஸ்கட் டப்பா. அதற்குள் பஞ்சு. பஞ்சுக்குள் ரோஸ் நிறத்தில் ஒரு கட்டி. கோயமுத்தூரில் காது டாக்டர் ஒருவர் அப்பாவின் காதுக்குள் பசையை நிரப்பி, உறைந்த பிறகு உருவி எடுத்த அச்சு. காதின் மடிப்பும் குழியும் அப்படியே இருந்தன. என் கணவர் திறந்து பார்த்துவிட்டு, "இதைச் சாப்பாட்டு மேசை மேல வெக்காத, சோறு எறங்க மாட்டேங்குது" என்றார். நான் மேசை மேல்தான் வைத்தேன். எங்கள் அப்பாவின் காது, எங்கே வேண்டுமானாலும் இருக்கும்.

அப்போது எனக்கு வயிற்றில் ஐந்து மாதம். சும்மாவே எனக்குக் கோபம் வரும். அந்த மாதங்களில் யாரும் என் பக்கத்தில் வரமுடியாது.

அப்பாவுக்குக் காது போனது ஒரே நாளில் இல்லை. சாமளாபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டியே தறி ஷெட் இருந்தது. நான்கு விசைத்தறிகள். பாவும் நூலும் வாங்கி, கூலிக்குத் துணி ஓட்டிக்கொடுப்பார். இந்தப் பக்கத்து வீட்டிலும் தறி, அந்தப் பக்கத்து வீட்டிலும் தறி. கரண்ட் போனால்தான் ஊரில் காக்கை கத்துவது கேட்கும். இருபது வயதிலிருந்து அந்தச் சத்தத்துக்குள் நின்றவருக்கு முதலில் கோயில் மணி கேட்காமல் போனது, பிறகு பஸ் ஹாரன், கடைசியில் நாங்கள். நான் கல்யாணமாகி விமானம் ஏறியபோது அவர் காதுக்குப் பக்கத்தில் வாய் வைத்துக் கத்தினாலும் பாதிதான் போய்ச் சேரும்.

ஆனால் அம்மா சொல்வது மட்டும் அவருக்கு முழுதாகத் தெரியும். தறி ஓடும் ஷெட்டுக்குள் யாரும் கத்திக்கொண்டிருக்க மாட்டார்கள். கத்தினாலும் கேட்காது. உதட்டை அசைத்தால் எதிரில் இருப்பவர் படித்துக்கொள்வார். தறிக்கார வீடுகளில் பிள்ளைகளுக்கே இது வந்துவிடும். அம்மா அதில் கெட்டிக்காரி. அப்பாவோடு பேசும்போது அவள் குரலே கொடுப்பதில்லை. உதடு மட்டும் ஓடும். நூல் தீர்ந்ததையும், பெரியப்பா வீட்டுச் சண்டையையும், குழம்பில் உப்பு கூடிப்போனதையும் சத்தமில்லாமலே சொல்லிவிடுவாள். அவர் மட்டும் ஊருக்கே கேட்கிற மாதிரி பதில் சொல்வார். வெளியாட்கள் பார்த்தால் அவர் தனக்குத்தானே பேசுகிறார் என்று நினைப்பார்கள். நானும் அக்காவும் இதை வைத்து அவர்களைக் கேலி செய்துகொண்டே வளர்ந்தோம்.

அக்காவுக்குத் திருப்பூரில் வீடு. அக்கா கணவர், எங்கள் மாமா, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் டாக்குமெண்ட் பார்ப்பவர். பெட்டி கட்டி அனுப்புகிற பனியன்களுக்கு இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட் எல்லாம் அவர் கையில். தங்கமான மனுஷர். அதை முன்பே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல எனக்கு மனசு வராமல் போகலாம். அவர்தான் அப்பாவைக் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போய் காது டெஸ்ட் எடுத்து, அந்த வரைபடத்தையும் டாக்டர் சீட்டின் நகலையும் அச்சையும் எனக்கு அனுப்பினார். ஏற்கெனவே ஒரு முறை ஊரிலேயே கருவி வாங்கிப் போட்டுப் பார்த்தார்கள். சட்டைப் பையில் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். அது தறிச் சத்தத்தையும் சேர்த்துப் பெரிசாக்கியதில் அப்பா இரண்டே நாளில் கழற்றி அலமாரியில் போட்டுவிட்டார்.

சிங்கப்பூரில் கருவி செய்த கடைக்காரர் வயதான சீனர். அச்சைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். வரைபடத்தை விளக்கடியில் வைத்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் மாட்டுகிற மாதிரி, முந்திரிப் பருப்பு அளவில் ஒரு கருவி. அச்சை வைத்துக் காதுக்குள் பொருந்தும் மூடியும் செய்தார். பெரிய சத்தத்தை அடக்கி, பேச்சைத் தூக்கிக் கொடுக்கும்படி உள்ளே இருந்த குட்டித் திருகைக் கண்ணாடி போட்டுக்கொண்டு திருப்பினார். எல்லாச் சொல்லும் தெளிவாகக் கேட்காது, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற ஆளின் குரல் கேட்கும் என்றார். எனக்கு அது போதும். பக்கத்துப் பெண்களுக்கு ஜாக்கெட் தைத்துச் சேர்த்ததை எல்லாம் அங்கேதான் கொடுத்தேன். அப்பாவும் அம்மாவும் எனக்குச் சீர் செய்து அனுப்பினார்கள். நான் அவர்களுக்குச் செய்த ஒரே சீர் இது.

ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்பத்தான் முதலில் பார்த்தேன். கணவரின் ஆபீசில் ஒருவர் திருச்சிக்குக் கிளம்பினார். கருவி என்றதும், "எலக்ட்ரானிக் சாமானுங்களா? ஏர்போர்ட்டுல புடிச்சு வெச்சுட்டாங்கன்னா நான் என்ன சொல்றது?" என்று பின்வாங்கினார். அவர் பெட்டியில் டூ-இன்-ஒன் ரேடியோவும் சேலைகளும் இருந்தன, அதற்கெல்லாம் பயமில்லை. கூரியர்காரன் கோயமுத்தூரோடு சரி, சாமளாபுரத்துக்கு வரமாட்டான். பதிவுத் தபால் ஒன்றுதான் வீட்டு வாசல்வரை போகும்.

தீபாவளி கழிந்த வாரத்தில் அனுப்பினேன். சுங்கத்துக்கான பச்சைச் சீட்டில், காது கேட்கும் கருவி, அன்பளிப்பு, சொந்த உபயோகத்துக்கு என்று எழுதி, பில்லின் நகலையும் டாக்டர் சீட்டின் நகலையும் வரைபடத்தையும் ஒரு உறையில் போட்டு மேலேயே ஒட்டினேன். பொத்தான் பேட்டரிகளுக்கு மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதைப் பிரித்தால் காற்றுப் பட்டு ஓட ஆரம்பித்துவிடும், பிறகு நிறுத்தமுடியாது. அதனால், 'மாட்டும்போதுதான் பிரிக்கவும், பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்' என்று தமிழில் எழுதி உள்ளே வைத்தேன். இதைவிட ஒழுங்காக ஒரு பார்சல் யாரும் அனுப்பியிருக்க முடியாது. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன்.

வெளிநாட்டுத் தபால் முதலில் மெட்ராசில் இறங்கும். அங்கே சுங்கக்காரர்கள் பிரித்துப் பார்த்து, தீர்வை போடவேண்டுமென்றால் போட்டு, இல்லையென்றால் விட்டு, ஊருக்கு அனுப்புவார்கள். ஏதாவது சந்தேகம் என்றால் பெறுபவருக்கு ஒரு நோட்டீஸ் வரும். அப்பாவுக்கு வந்தது. டாக்டர் சீட்டின் அசலை அனுப்பவும், கருவி யாருக்கு என்று எழுதிக் கையெழுத்திடவும். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள். ஆனால் இங்கிலீஷில், முத்திரையோடு. தபால்காரர் கொடுத்ததை அம்மா சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்து, ஞாயிற்றுக்கிழமை மாமா வந்ததும் கொடுத்தாள்.

மாமாவுக்கு எழுதத் தெரியாமலா? கப்பலுக்குப் போகும் சரக்குக்கே எழுதுகிறவர். ஆனால் திருப்பூரில் சுங்கத்திலிருந்து ஒரு காகிதம் வந்தால் யாரும் தானாகப் பதில் எழுதமாட்டார்கள். நேராக, சுங்கத்தில் சரக்கை விடுவித்துத் தருகிற கிளியரிங் ஏஜெண்டிடம் போகும். பல் வலித்தால் பல் டாக்டரிடம் போவது போல அது அங்கே ஒரு வழக்கம். மாமாவின் கம்பெனிக்கும் மெட்ராசில் ஒரு ஏஜெண்ட் உண்டு. "நம்மாளு இருக்கறாருங்க, அவரு பாத்துக்குவாரு" என்று நோட்டீசை அவருக்கு அனுப்பிவைத்தார். ஏஜெண்டுக்கு எந்தச் சரக்கானாலும் ஒரே வழி. கம்பெனி லெட்டர்ஹெட்டில், முத்திரை குத்தி, இந்தப் பார்சலை விடுவித்துத் தருமாறு கேட்டு ஒரு கடிதம் வேண்டும் என்றார். மாமா முதலாளியிடம் கேட்டு, நல்ல தாளில், அழகாக டைப் அடித்துக் கொடுத்தார்.

அந்த ஒரு தாள் போதுமானதாக இருந்தது. சாமளாபுரத்தில் ஒரு கிழவருக்கு மகள் அனுப்பிய அன்பளிப்புக்கு ஒரு பனியன் கம்பெனி ஏன் கடிதம் எழுதுகிறது? இது உண்மையில் யாருடைய சாமான்? வியாபாரத்துக்கு வருகிறதா? அப்படியென்றால் இறக்குமதி உரிமம் எங்கே? அங்கே உட்கார்ந்திருந்தவர் இதைக் கேட்காமல் விட்டிருந்தால்தான் ஆச்சரியம். கம்பெனிக்கு அடுத்த நோட்டீஸ் போனது. ஏஜெண்ட் அதற்கு ஒரு பதில் எழுதினார். அந்தப் பதிலுக்கு ஒரு கேள்வி வந்தது.

எனக்கு இதெல்லாம் அப்போது தெரியாது. மாமாவின் ஆபீசுக்கு ஃபோன் செய்வேன். "ஃபைல் மூவ் ஆயிட்டிருக்குது அம்மிணி, ஏஜெண்ட் ஃபாலோ பண்ணிட்டிருக்கறாரு, நீ ஒண்ணும் ரோசன பண்ணாத" என்பார். நானும் சரி என்று வைத்துவிடுவேன். காதுக்காக இருபது வருஷம் காத்திருந்த மனிதர் இன்னும் ஒரு மாதம் பொறுக்கமாட்டாரா என்றுதான் நினைத்தேன்.

மார்கழியில் அக்கா என்னைக் கூப்பிட்டாள். வெளிநாட்டுக்கு அவளாக ஃபோன் போடுகிறவள் இல்லை. அவள் குரலைக் கேட்டதுமே நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

அம்மாவின் குரல் கொஞ்ச நாளாகவே கம்மியிருந்தது. யாரும் கண்டுகொள்ளவில்லை. தறி ஊரில் எந்தப் பெண்ணுக்குத்தான் தொண்டை நன்றாக இருக்கிறது? பஞ்சும் தூசியும், போதாததற்கு வாயில் எப்போதும் வெற்றிலை புகையிலை. பேசுவது பெரும்பாலும் அப்பாவோடு, அதற்குக் குரலே வேண்டாம். வீட்டில் கூடவே இருந்த ஒரே ஆளுக்குக் காது கேட்காது. சோறு விழுங்க முடியாமல் போன பிறகுதான் கோயமுத்தூருக்குக் கூட்டிப்போனார்கள். புற்று. குரல்வளையை மொத்தமாக எடுக்கவேண்டும், கழுத்தில் ஓட்டை போட்டு அது வழியாகத்தான் மூச்சு, இனிமேல் பேச்சு வராது. பொங்கல் கழிந்ததும் ஆபரேசன். தள்ளிப்போட்டால் ஆளே இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

"அப்பாவுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"அம்மாதான் சொல்லுச்சு. அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு. மெட்ராசுல இருந்து அந்த மிசினு எப்ப வருதுன்னு கேட்டாரு" என்றாள் அக்கா.

அப்பா எதையும் வாய்விட்டுக் கேட்கிற ஆள் இல்லை. அன்றைக்குக் கேட்டார். மனைவியின் குரலை அது போவதற்கு முன்னால் ஒரு தரம் கேட்கவேண்டும். அது எப்படி இருக்கும் என்பதே அவருக்கு மறந்துபோயிருந்ததாம். அக்காவிடம், "உன்ற சத்தமாட்ட இருக்குமா, தங்கச்சி சத்தமாட்டயா?" என்று விசாரித்திருக்கிறார். அக்கா என்ன சொல்லி அதை விளக்கமுடியும்?

நானே போயிருப்பேன். எட்டாம் மாதம் நடந்துகொண்டிருந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், டாக்டர் சீட்டுத் தரமாட்டார். இரத்த அழுத்தம் வேறு. தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகவேண்டியவள் அம்மா சாகக் கிடக்கும்போதும் போகமுடியாமல் பதினோராவது மாடியில் உட்கார்ந்திருந்தேன். கடைக்காரரிடம் போய் இன்னொன்று செய்து தரச் சொன்னேன். அச்சும் கருவியோடு போய்விட்டது. அச்சில்லாமல் மூடி செய்தால் காதில் நிற்காது, வெளியே கிடந்து ஊளையிடும் என்றார். அந்த மனுஷரிடம் நான் கத்தியிருக்கக்கூடாது. கத்தினேன்.

மாமா அப்போதுதான் தானே மெட்ராசுக்குப் போனார். கவுண்டரில் இருந்தவர் பழைய காகிதங்களைப் புரட்டிவிட்டு, "உங்க மாமனார் ஒரு வெள்ளைத் தாள்ல ரெண்டு வரி எழுதி, டாக்டர் சீட்டை இணைச்சு அனுப்பியிருந்தா அப்பவே விட்டிருப்போமே சார். கம்பெனியை ஏன் உள்ள கொண்டாந்தீங்க?" என்று கேட்டாராம். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. இனி கம்பெனி தன் கடிதத்தைத் திரும்பப் பெறவேண்டும், தனக்கும் பார்சலுக்கும் சம்பந்தமில்லை என்று எழுதித் தரவேண்டும், அப்பா தன் கையெழுத்தில் தனியாக எழுதவேண்டும், எல்லாம் வந்த பிறகு மேலதிகாரி பார்த்து ஒப்புக்கொள்ளவேண்டும். மாமா அந்த மனிதரிடம் அம்மாவின் ஆபரேசனைச் சொல்லி அழுதிருக்கிறார். "நான் வேகமா அனுப்பி வெக்கறேன் சார், ஆனா மேல கையெழுத்து ஆகணும்" என்றார் அவர். காகிதம் எல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தபோது மேலதிகாரி விடுப்பில் இருந்தார். அதற்குள் பொங்கல். ஆபீஸ் வரிசையாக விடுமுறை.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முதல் நாள் பக்கத்து வீட்டு ஃபோனில் அம்மா என்னோடு பேசினாள். வறண்ட ஓலையை உரசுகிற மாதிரி ஒரு குரல். "தலைக்கு ஊத்திட்டு ஈரத்தோட படுக்காத. சுடுதண்ணி குடி. நானு வந்து பாக்கோணும், முடியல கண்ணு" என்றாள். நான் அழுதேன். "அழுவாத, வயித்துல இருக்கறதுக்கு ஆகாது" என்று அதட்டினாள். எனக்குக் கிடைத்த கடைசிக் குரல் அது. அப்பாவுக்குக் கிடைக்கவேண்டியதை நான் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அன்று மத்தியானம் மாமா தன் வீட்டு டேப் ரிக்கார்டரைத் தூக்கிக்கொண்டு சாமளாபுரம் போனார். கருவி வரவில்லை என்றால் குரலையாவது பிடித்து வைப்போம், வந்த பிறகு மாமனார் கேட்டுக்கொள்ளட்டும் என்று அவருக்குத் தோன்றியது. அந்த நிலைமையில் எங்கள் யாருக்கும் அது தோன்றவில்லை, அவருக்குத்தான் தோன்றியது. உள் அறையில் கட்டில் மேல் அப்பாவையும் அம்மாவையும் எதிரெதிராக உட்கார வைத்தார். நடுவில் டேப். "அத்தை, மாமாகிட்ட எப்பவும் பேசற மாதிரி பேசுங்க. அப்புறமா அவரு கேட்டுக்குவாரு. நாங்க வெளிய இருக்கறோம்" என்று சொல்லி, சிவப்புப் பொத்தானை அமுக்கி, கதவைச் சாத்திவிட்டு வந்தார். புருசன் பொண்டாட்டி பேசுகிற இடத்தில் மருமகன் நிற்பது மரியாதையில்லை.

டேப் ஓடி முடிந்து டக்கென்று நின்ற சத்தம் கேட்டதும் உள்ளே போனார். இருவர் கண்ணும் சிவந்திருந்தது. அக்கா கேசட்டை எடுத்து அம்மாவின் பழைய ரவிக்கைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தாள். அவர்களுடைய பேச்சு, அப்பா கேட்பதற்கு முன்னால் நாம் கேட்பது முறையில்லை என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை.

மறுநாள் அட்மிட் செய்தார்கள். ஆபரேசன் முடிந்தது. அதே வாரத்தில் எனக்குப் பெண் குழந்தை பிறந்தது. நல்ல கனத்த குரல். நர்ஸ் சிரித்தாள். எனக்கு அந்த அழுகையைக் கேட்கப் பிடிக்கவில்லை. பெற்ற பிள்ளையின் முதல் அழுகையைக் கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன் என்று இப்போது எழுத வருத்தமாகத்தான் இருக்கிறது.

பார்சல் விடுபட்டு ஊருக்கு வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. எல்லோரும் கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில். தபால்காரர் சீட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டார். திரும்பிப் போய்விடாமல் இருக்க மாமா தபால் ஆபீசில் எழுதிக்கொடுத்து நிறுத்திவைத்தார். தீர்வை என்று ஒரு சில்லறைத் தொகைதான் போட்டிருந்தார்கள். அம்மாவோடு ஊர் திரும்பிய அப்பா தானே போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிவந்தார். பேட்டரி ஸ்டிக்கர்கள் எதுவும் கலையவில்லை. என் தமிழ்ச் சீட்டும் உள்ளே அப்படியே இருந்தது. எல்லாம் பத்திரமாக, ஒழுங்காக வந்து சேர்ந்தது.

அம்மா அப்போது கழுத்தில் துணி கட்டி, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டிருந்தாள். அக்காவுக்குப் பாதிதான் புரியும். மாமாவுக்குச் சுத்தமாகப் புரியாது. அப்பா ஒருவர்தான் எல்லாவற்றையும் படித்து மற்றவர்களுக்குச் சொன்னார். ஊரே இழந்த ஒரு குரலை அவர் மட்டும் இழக்கவில்லை. எப்போதும் போல அவள் பேசினாள், எப்போதும் போல அவர் பதில் சொன்னார். நான் அனுப்பிய கருவியை மாட்டிய பிறகுதான் அவருக்கு அது போனது. கதவு சாத்துவது கேட்டது, குழாயில் தண்ணீர் கொட்டுவது கேட்டது, அக்காவின் குரல் கேட்டது. அம்மா பக்கம் திரும்பினார். உதடு ஓடியது, கழுத்துத் துணிக்குள்ளிருந்து காற்று மட்டும் புஸ் புஸ் என்று வந்தது. "இதென்னங்க மாப்பிள்ள, இதுதானா?" என்று கேட்டாராம்.

அப்போதுதான் மாமா அவசரமாகப் பீரோவைத் திறந்து கேசட்டை எடுத்தார். எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். அப்பா கருவியைச் சரிசெய்துகொண்டு தலையைச் சாய்த்தார். டேப் ஓடியது. பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிற சத்தம். தடக் தடக் என்று அதுவேதான். மாமா சத்தத்தைக் கூட்டினார். தறிச் சத்தம் கூடியது. அம்மாதான் முதலில் புரிந்துகொண்டவள். இரண்டு கையாலும் தலையில் அடித்துக்கொண்டாளாம். எப்போதும் பேசுகிற மாதிரி பேசுங்கள் என்றார் மாமா, அவள் எப்போதும் பேசுகிற மாதிரியே பேசியிருந்தாள். முப்பது வருஷப் பழக்கம். எதிரில் அவர் முகம் இருந்தால் அவளுக்குக் குரல் எடுக்கத் தெரியாது.

பிள்ளைக்கு ஆறு மாதம் ஆனதும் நான் ஊருக்குப் போனேன். அம்மா இருந்தாள், எலும்பும் தோலுமாக. நோய் திரும்பியிருந்தது. பேத்தியை மடியில் போட்டுக்கொண்டு உதடு அசையாமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். அப்பா கருவியை மாட்டியிருந்தார், என் மனசு நோகக்கூடாது என்பதற்காக. "நல்லாக் கேக்குது கண்ணு, கொழந்த அழுவறதெல்லாம் கேக்குது" என்றார். நான் அந்தப் பக்கம் போனதும் கழற்றிப் பையில் போட்டதை நான் பார்த்தேன். ஐப்பசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். அப்பா இன்னும் சில வருஷம் இருந்தார். மாமா கடைசிவரை அந்த லெட்டர்ஹெட்டைப் பற்றி எங்கள் முன்னால் பேசவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அந்தக் கருவிக்கு நான் வாங்கிய பேட்டரிகள் பாதிக்கு மேல் ஸ்டிக்கர் பிரிக்காமலே மீந்தன.

கேசட் இப்போது என்னிடம் இருக்கிறது. அக்காதான் கொடுத்தாள், தனக்கு வீட்டில் வைத்திருக்க முடியவில்லை என்று. நான் அதை முழுதாகக் கேட்டிருக்கிறேன். போட்டுப் பார்த்த நாளில் ஆரம்பச் சில நிமிஷத்திலேயே நிறுத்திவிட்டார்கள், அதனால் அவர்கள் யாரும் கேட்கவில்லை. தறிச் சத்தத்துக்கு நடுவே இடையிடையே அப்பாவின் குரல் வருகிறது. காது கேட்காதவர்களின் பெரிய குரல்.

"ஆமா."

"அத நானு பாத்துக்கறேன்."

"சின்னவகிட்ட நானு சொல்றேன். நீ கவலப்படாத."

என்னிடம் என்ன சொல்வதாக ஒப்புக்கொண்டார்? அம்மா உயிரோடு இருந்தபோது எனக்குக் கேசட் கிடைக்கவில்லை. பிறகு அப்பாவிடம் கேட்டேன். கருவியை மாட்டிவிட்டு, டேப்பைப் போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். தன் குரலைத் தானே கேட்டு, கையை விரித்தார். "அன்னிக்கு என்னமோ நெறையச் சொன்னா கண்ணு. ஒண்ணும் சரியா ஞாபகமில்ல. அவ மூஞ்சியவே பாத்துட்டு இருந்தனா" என்றார்.

டேப் முடிவதற்குக் கொஞ்சம் முன்னால் அவர் மறுபடி பேசுகிறார். குரல் உடைந்திருக்கிறது.

"இரு புள்ள, இரு. கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஒண்ணுந் தெரியல. இப்பச் சொன்னத இன்னொருக்காச் சொல்லு."

அதன்பிறகு தறி மட்டும் ஓடுகிறது. அவர் 'ஆமா' என்றோ 'சரி' என்றோ சொல்லவில்லை. டேப் டக்கென்று நிற்கிறது.